வராத ஊதியமும் வந்த கட்டணங்களும்

மாத ஊதியத்தில் வாழ்பவனின் வங்கிக் கணக்கை ஓர் ஏரிக்கு ஒப்பிடலாம். மாதத்திற்கு ஒருமுறை மட்டுமே நீர் வரும். ஆனால் மதகுகள் பல. ஒவ்வொரு மதகும் தனக்குக் குறிக்கப்பட்ட நாளில் தானாகவே திறந்துகொள்ளும். ஏரியில் நீர் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. பாசனத்தில் நீரில்லா மதகைத் திறந்தவனுக்கு அபராதம் கிடையாது. வங்கியில் உண்டு. இந்த வேறுபாடு குறித்தே இக்கட்டுரையை எழுதப் புகுந்தேன்.

வங்கியொன்றின் காசோலைத் தீர்வுப் பிரிவில் நெடுநாள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் யான். திரும்பிய காசோலைகளைக் கட்டுக் கட்டாக எண்ணி, 'போதிய நிதி இல்லை' என்னும் சீட்டை ஒவ்வொன்றோடும் இணைத்து அனுப்புவதே என் அன்றாட அலுவலாயிருந்தது. அந்தச் சீட்டுகளுக்குப் பின்னால் எத்தனை வீடுகளின் கவலை இருந்தது என்பதை, மேசைக்கு இப்பால் வந்து அமர்ந்த பின்னரே முழுமையாக உணர முடிந்தது. அடையாற்றில் குடியிருக்கும் என் தங்கை மகனுக்கு 2025 பிப்ரவரியில் நேர்ந்ததை அவன் இசைவோடு இங்கே விரித்துரைக்கிறேன். அவன் பணிபுரியும் நிறுவனத்தின் பெயரோ, வங்கியின் பெயரோ இங்குத் தேவையில்லை. எந்த நிறுவனத்திலும் எந்த வங்கியிலும் நிகழக்கூடியதே அது.

அவன் தரமணிப் பக்கமுள்ள ஓர் அலுவலகத்தில் பணியாற்றுகிறான்; இந்திரா நகரில் ஒரு வீட்டின் மாடிப் பகுதியில் வாடகைக்கு இருக்கிறான். கைக்கு வரும் ஊதியம் 42,000 ரூபாய். மாதத்தின் கடைசி வேலைநாளில் அது கணக்கில் சேரும். அந்த ஜனவரியின் 31-ஆம் நாள் வெள்ளிக்கிழமை. அன்று மாலை அவனுடைய உடன் ஊழியர் அனைவருக்கும் ஊதியம் வந்தது; அவன் ஒருவனுக்கு மட்டும் வரவில்லை. அவன் கணக்கு வைத்திருந்த கிளை அண்டைக் கிளையோடு இணைக்கப்பட்டிருந்தது. அக்கிளையின் பழைய ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு செயலிழந்துவிட்டது. நிறுவனத்தின் ஊதியக் கோப்பில் பழைய குறியீடே இருந்தது. புதிய குறியீட்டை அவன் டிசம்பரிலேயே எழுதிக் கொடுத்திருந்தும், அது கோப்பில் ஏறவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட வரிகள் கொண்ட அக்கோப்பில் ஒரே ஒரு வரி திரும்பியது. மற்றவை சென்று சேர்ந்தன. கணக்குப் பிரிவினரின் திரையில் 'கோப்பு அனுப்பப்பட்டது' என்ற செய்தி வந்ததும் அவர்கள் வீட்டுக்குச் சென்றுவிட்டனர். வாரத்தின் இறுதி இரு நாள்களும் அலுவலகம் விடுமுறை.

இத்தகைய குறியீட்டு மாற்றம் அரிய நிகழ்வன்று. 2020 ஏப்ரலில் பொதுத்துறை வங்கிகள் பல இணைக்கப்பட்டபோதும், கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பர் 27 அன்று டி.பி.எஸ். வங்கியோடு இணைக்கப்பட்ட பின்னரும், வாடிக்கையாளர் எண்ணற்றோர் தம் பழைய குறியீட்டை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. ஒரு கிளை இன்னொன்றோடு சேரும்போது அதுவே சிறிய அளவில் நடக்கிறது. செய்தித்தாளில் வருவதில்லை என்பதுதான் வேறுபாடு.

ஜனவரி 31 இரவு அவன் கணக்கில் இருந்த மிச்சம் 6,140 ரூபாய். திங்கட்கிழமை ஊதியம் வந்துவிடும் என்று அவன் எண்ணியது இயல்பே. ஆனால் இடையிலே ஒரு ஞாயிறு இருந்தது. நம்மில் முதியோர் பலருக்கு ஞாயிறு என்றால் வங்கி உறங்கும் நாள். அந்தக் காலம் போய்விட்டது. நெஃப்ட் முறை 2019 டிசம்பர் 16 முதல் இரவும் பகலும் இயங்குகிறது. தவணைகளைப் பிடிக்கும் நாச் முறை 2021 ஆகஸ்ட் 1 முதல் விடுமுறை நாள்களிலும் இயங்குகிறது. பணம் தருபவர் விடுமுறையில் இருக்கலாம், பிடிப்பவர் இல்லை. பிப்ரவரி 2, ஞாயிறு அன்று, அதே வங்கியில் அவன் வைத்திருந்த தொடர் வைப்புக்கு 2,000 ரூபாய் தானாகவே சென்றது. கணக்கில் 4,140 நின்றது.

இங்கே வாசகர் சற்று நின்று நோக்க வேண்டும். அவன் செலுத்த வேண்டியவற்றுள் மிகவும் பொறுத்திருக்கக்கூடியது அந்தத் தொடர் வைப்புதான். ஒரு மாதம் தாமதமானால் அதற்கு வங்கி விதிப்பது மிகச் சிறு தொகை. எவரும் நோட்டீசு அனுப்பமாட்டார். ஆயினும் நாட்காட்டியில் முந்தி நின்றமையால் அதுவே முதலில் எடுத்துக்கொண்டது. தானியங்கிப் பிடித்தங்களுக்கு அவசியம், அவசியமின்மை என்ற பாகுபாடு தெரியாது. தேதி ஒன்றே அவற்றின் அறிவு.

திங்கட்கிழமை வீட்டு உரிமையாளர், வாடகைக்காக முன்கூட்டியே பெற்றிருந்த 14,000 ரூபாய்க் காசோலையை வங்கியில் செலுத்தினார். போதிய நிதி இன்றி அது திரும்பியது. அதற்காக அவனுடைய வங்கி 500 ரூபாயும், அதன்மேல் 18 விழுக்காடு வரியாக 90 ரூபாயும், ஆக 590 ரூபாய் எடுத்துக்கொண்டது. கணக்கில் எஞ்சியது 3,550.

புதன்கிழமை, பிப்ரவரி 5. இருசக்கர வண்டிக் கடனுக்கான மாதத் தவணை 3,600 ரூபாய் பிடிக்க வந்தது. கணக்கில் இருந்ததோ 3,550. ஐம்பது ரூபாய் குறைவு. நாச் முறையில் பாதித் தொகை எடுப்பது என்பது கிடையாது. முழுத் தொகை இருந்தால் எடுக்கும், ஒரு ரூபாய் குறைந்தாலும் திரும்பிவிடும். தவணை திரும்பியது. மீண்டும் 590 ரூபாய் கட்டணம். கடன் கொடுத்த நிறுவனம் தன் பங்குக்கு 500 ரூபாய் எழுதியது. காசோலைக்கான கட்டணம் மட்டும் பிடிக்கப்படாதிருந்தால் தவணை தடையின்றிச் சென்றிருக்கும் என்பதே இதில் கவனிக்க வேண்டியது. ஊதியம் வராததால் திரும்பியது காசோலை ஒன்றே. தவணையைத் திருப்பியது அக்காசோலையின் கட்டணம். முதல் தவறு தந்த குட்டி, இரண்டாம் தவற்றைப் பெற்றது.

அன்று மாலை அவன் என் வீட்டுக்கு வந்தபோது கணக்கில் 2,960 ரூபாய் இருந்தது. கையில் அவன் தாய் கொடுத்தனுப்பிய 5,000 ரூபாய். "மாமா, இதைக் கொண்டுபோய்க் கணக்கில் கட்டிவிடட்டுமா? தவணை மறுபடி வரும்போது எடுத்துக்கொள்வார்களே" என்றான். பலரும் செய்வது இதுதான். வேண்டாம் என்றேன்.

ஏன் வேண்டாம் என்பதற்குக் காரணம் சொல்லவேண்டும். அக்கணக்கில் இடப்படும் பணத்தை முதலில் எடுப்பவர் யார் என்பது நம் கையில் இல்லை. பிடிக்க இயலாமல் நின்ற கட்டணம் ஏதேனும் இருந்தால் வங்கி அதைத்தான் முதலில் எடுக்கும். சில வங்கிகள் கட்டணத்தைத் திரும்பிய அன்றே பிடிக்காமல் சில நாள் கழித்துப் பிடிப்பதும் உண்டு; ஆகவே பக்கத்தில் தெரியும் இருப்பு உண்மையான இருப்பு என்று நம்ப இயலாது. வீட்டு உரிமையாளர் காசோலையை மறுமுறை செலுத்தினால் அது மீண்டும் திரும்பும். இன்னொரு 590 போகும். கடன் நிறுவனம் தவணையை மறுமுறை எப்போது அனுப்பும் என்பது நமக்குத் தெரியாது; அதுவரை தாமத நாள்கள் எண்ணப்பட்டுக்கொண்டே இருக்கும். அந்த 5,000 போதுமானதாகவே இருந்திருக்கலாம். ஆனால் போதுமா என்பதைத் தீர்மானிப்பவர் நாமல்லர். ஒழுகும் குடத்தில் ஊற்றுவதைவிட, தாகித்தவன் கையிலேயே ஊற்றுவது நன்று.

எனவே முதற்காரியமாகச் செய்தது, இனி வரப்போகும் பிடித்தங்களை ஒரு தாளில் தேதிவாரியாக எழுதியது. நடந்து முடிந்த சேதம் ஓடிப்போகாது. அதை அடுத்த வாரமும் பேசலாம். நாளையும் மறுநாளும் நிகழவிருப்பதையே இன்று தடுக்க இயலும். அத்தாளில் மூன்று வரிகள் இருந்தன. தவணையின் மறுமுறை, நாள் தெரியாது. ஏழாம் தேதி ஆயுள் காப்பீட்டு மாதப் பிரிமியம் 1,850. பத்தாம் தேதி கடன் அட்டை நிலுவை 9,800, முழுத் தொகையும் தானாகப் பிடிக்கும்படி ஏற்பாடு.

இம்மூன்றில் முதலில் எதற்குப் பணம்? தொகை பெரிதாயிருப்பதைப் பார்த்து அஞ்சுவது மனித இயல்பு. அப்படிப் பார்த்தால் வாடகையும் அட்டையும் முன்னே நிற்கும். நான் பார்த்தது வேறு. எது அடுத்த கட்டணத்தை விரைவில் ஈனும் என்பதைப் பார்த்தேன். தவணை மறுமுறை வந்து திரும்பினால் வங்கிக்கு 590, கடன் நிறுவனத்துக்கு 500, ஆக ஒரே நாளில் 1,090 ரூபாய். ஆகவே தாயின் பணத்திலிருந்து 3,600 ரூபாயை, தங்கையின் கணக்கு வழியாகவே, கடன் நிறுவனத்தின் சொந்தச் செயலியில் அன்றிரவே நேரடியாகச் செலுத்தச் சொன்னேன்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. செயலி 4,100 ரூபாய் கேட்டது. தவணை 3,600, திரும்பியதற்கான கட்டணம் 500. மொத்தத் தலைப்பில் 3,600 மட்டும் செலுத்தினால், சில நிறுவனங்கள் முதலில் தம் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தவணையில் வைக்கும். அப்போது தவணையில் 500 குறைவாகி, கணக்கு நிலுவையிலேயே நிற்கும்; செலுத்தியவன் செலுத்திவிட்டோம் என்று நிம்மதியாக உறங்குவான். ஆகவே 'தவணை' என்னும் தலைப்பைத் தனியே தேர்ந்து செலுத்தி, இரசீதில் தவணையின் நிலுவை சுழியம் என்று வந்திருப்பதைக் கண்ணால் பார்த்த பின்னரே அடுத்த வேலைக்குச் சென்றோம். மறுநாள் காலையில் அந்நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து, மறுமுறைப் பிடித்தக் கோப்பில் இக்கணக்கு இருக்கிறதா என்று கேட்டு, நீக்கப்பட்டதை உறுதி செய்துகொண்டான். கோப்பு ஏற்கெனவே வங்கிக்குச் சென்றிருந்தால் நேரடியாகச் செலுத்தியும் பயனில்லை. பிடித்தம் வந்தே தீரும். அந்நிலையில் மட்டும் கணக்கில் பணம் வைப்பது தவிர வேறு வழியில்லை. அப்போதும் தவணையோடு நிற்கும் கட்டணத்தையும் கூட்டியே வைக்கவேண்டும்.

பிடித்தத்துக்கான ஒப்புதலையே ரத்து செய்துவிட்டால் என்ன என்றும் அவன் கேட்டான். செய்யலாம், வங்கியில் அதற்கு வழியுண்டு. ஆனால் அது நடைமுறைக்கு வருவதற்குள் பிடித்த நாள் வந்துவிடும் என்பதோடு, கடன் ஒப்பந்தத்தின் நிபந்தனையை மீறியதாகவும் ஆகும். தலைவலிக்குத் தலையைக் களைவது போன்றது.

அன்றிரவே செய்த இரண்டாவது காரியத்துக்குப் பணம் தேவைப்படவில்லை, வாய்ச்சொல் போதுமானதாயிருந்தது. வீட்டு உரிமையாளரிடம் நேரில் சென்று உள்ளதைச் சொல்லி, ஊதியம் வந்ததும் வாடகையை நேரடியாக அனுப்புவதாகவும், அதுவரை காசோலையை மறுபடி வங்கியில் செலுத்தவேண்டாம் என்றும் கேட்டுக்கொள்வது. திரும்பிய காசோலையை இலேசாக எண்ணுதல் கூடாது. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவுப்படி அது குற்ற வழக்குக்குரியது. காசோலை திரும்பிய செய்தி கிடைத்த 30 நாள்களுக்குள் பெற்றவர் எழுத்துமூலம் நோட்டீசு அனுப்பலாம். நோட்டீசு கைக்கு வந்த 15 நாள்களுக்குள் பணத்தைச் செலுத்திவிட்டால் வழக்குக்கு இடமில்லை. காசோலையின் ஆயுள் மூன்று மாதம். அதற்குள் எத்தனை முறை வேண்டுமாயினும் செலுத்தலாம். நம் மாநிலத்திலிருந்து சென்ற எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம், இரண்டாம் முறையோ அதற்குப் பின்னரோ திரும்பியதன் பேரிலும் வழக்குத் தொடுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. ஆகவே வாடகையைச் செலுத்திவிட்டால் போதாது. அந்தத் தாளைத் திரும்பப் பெறவேண்டும். தவணை திரும்புதலுக்கும் இதே தன்மையுள்ள சட்டம் உண்டு. 2007-ஆம் ஆண்டின் செலுத்துகை மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவு மின்னணுப் பிடித்தம் திரும்புவதையும் அவ்வாறே கருதுகிறது. இதைப் பலர் அறியார்.

உரிமையாளர் அடையாற்றில் பல்லாண்டு வாழ்ந்த முதியவர். தம் வங்கி தம்மிடம் பிடித்த 118 ரூபாயைத்தான் முதலில் சொன்னார். 14,000 வராததைவிட அந்த 118 அவரை அதிகம் வருத்தியது. அதையும் தருவதாகச் சொன்னபின் முகம் மலர்ந்தது.

இனி ஊதியத்தின் கதைக்கு வருவோம். ஆறாம் தேதி காலை அவன் கணக்குப் பிரிவினரிடம் சென்றான். அவர்கள் திங்களன்றே பணம் திரும்பியதைப் பார்த்திருந்தார்கள். பத்தாம் தேதி அடுத்த கோப்போடு அனுப்புவதாக எழுதியும் வைத்திருந்தார்கள். அவர்களுக்கு அது ஒரு வரி. நெஃப்ட் முறையில் பெறும் வங்கியால் ஒரு தொகையைச் சேர்க்க இயலாவிடில், அந்தத் தொகுதி முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் அனுப்பிய வங்கிக்கே திருப்பவேண்டும் என்பது விதி. ஆகவே வராத ஊதியம் நடுவழியில் எங்கோ கிடப்பதில்லை. பெரும்பாலும் அனுப்பியவர் கணக்கிலேயே திரும்பிக் கிடக்கும். 'வங்கியில் போய்க் கேளுங்கள்' என்று எவரேனும் சொன்னால், அனுப்பியதற்கான யூ.டி.ஆர். எண்ணைத் தாருங்கள் என்று கேட்பதே தக்க மறுமொழி. எண் இருந்தால் பணம் சென்றதா திரும்பியதா என்பது நிமிடங்களில் தெரிந்துவிடும். எண்ணே தர இயலவில்லையெனில் பணம் புறப்படவே இல்லை என்று பொருள்.

அவன் இரண்டு கேட்டான். ஒன்று, பத்தாம் தேதிவரை காக்காமல் தனியொரு பரிமாற்றமாக உடனே அனுப்புதல். மற்றொன்று, ஊதியம் எந்நாளில், எக்காரணத்தால் திரும்பியது என்று நிறுவனத்தின் தாளில் நான்கு வரி. இரண்டாவதைக் கேட்கும்போது அவனுக்குக் கூச்சமாயிருந்ததாம். ஆனால் பின்னர் ஒவ்வொரு கதவையும் திறந்தது அந்த நான்கு வரிதான். இன்று இத்தகைய நிலையில் இருப்பவருக்குச் சட்டமும் துணை நிற்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பு, மாத ஊதியத்தை அடுத்த மாதத்தின் ஏழாம் நாளுக்குள் வழங்கவேண்டும் என்கிறது. முன்பிருந்த 1936-ஆம் ஆண்டுச் சட்டம் குறிப்பிட்ட ஊதிய வரம்புக்கு உட்பட்டவர்க்கே பொருந்தியது. இப்போது அவ்வரம்பு இல்லை.

ஏழாம் தேதி காலையில் காப்பீட்டுப் பிரிமியம் 1,850 ரூபாய் தடையின்றிச் சென்றது. கணக்கில் 1,110 நின்றது. மாதப் பிரிமியத்துக்கு 15 நாள் சலுகைக் காலம் உண்டே, அதைத் திரும்பவிட்டிருக்கலாமே என்று சிலர் எண்ணக்கூடும். சலுகை தருபவர் காப்பீட்டு நிறுவனம். பிடித்தம் திரும்பினால் கட்டணம் எடுப்பவர் வங்கி. முன்னவர் பொறுத்துக்கொள்வதால் பின்னவர் பொறுத்துக்கொள்வதில்லை. பாலிசி பிழைக்கும், 590 பிழைக்காது.

அன்று மாலையே ஊதியம் வந்தது. 43,110 ரூபாய். வாடகை 14,000-ஐயும் அந்த 118-ஐயும் உரிமையாளர் கணக்குக்கு அனுப்பி, காசோலையைப் பெற்றுக் கிழித்தான். அட்டைக்கான 9,800-ஐத் தொடாமல் விட்டான்; பத்தாம் தேதி அது தானாகவே சென்றது.

ஊதியம் அன்று வராமற் போயிருந்தால் அட்டைக்கு என்ன செய்திருப்போம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பலர் இடறும் இடம் அது. கடன் அட்டையில், கெடு நாளுக்குப் பின் மூன்று நாளுக்கு மேல் நிலுவை நின்றால் மட்டுமே தாமதக் கட்டணம் விதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு நெறிமுறை கூறுகிறது. அதாவது பத்தாம் தேதிக் கெடுவுக்குப் பதின்மூன்று வரை மூச்சுவிட இடமுண்டு. ஆனால் பத்தாம் தேதி தானாகப் பிடிக்க வருவது அந்த மூன்று நாளை அறியாது. வந்து திரும்பினால் கட்டணம் உண்டு. ஆகவே கெடுவுக்குச் சில நாள் முன்னரே தானியங்கி ஏற்பாட்டை முழுத் தொகையிலிருந்து குறைந்தபட்சத் தொகைக்கு மாற்றியிருப்போம். அவனுக்கு அது 490 ரூபாய். தாயின் பணத்தில் மீந்த 1,400 அதற்காகவே வைக்கப்பட்டிருந்தது. குறைந்தபட்சம் செலுத்தினால் தாமதக் கட்டணம் இல்லை; வட்டி உண்டு. எஞ்சிய நிலுவைக்கு, பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். முழுவதும் தீரும்வரை புதிதாக வாங்குபவற்றுக்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. சில நாள் தாங்குவதற்கு அது ஊன்றுகோல். மாதக்கணக்கில் ஊன்றினால் கையே புண்ணாகும்.

எல்லா நிலுவையும் தீர்ந்த பின்னரே கட்டணங்களைத் திரும்பக் கேட்கப் புறப்பட்டோம். முன்னரே கேட்டிருந்தால், நிலுவையில் நிற்பவன் பேச்சாக அது கேட்கப்பட்டிருக்கும். கணக்கு இதுதான்: வங்கிக்கு இருமுறை 590, அதாவது 1,180, கடன் நிறுவனத்துக்கு 500, உரிமையாளருக்கு 118. மொத்தம் 1,798 ரூபாய். இதில் யார் எதைத் தரக் கடமைப்பட்டவர் என்பதைப் பிரித்தறிய வேண்டும். வங்கியும் கடன் நிறுவனமும் தம் விதிப்பட்டியலின்படி எடுத்தவை அவை. திரும்பத் தருவது அவர்கள் பெருந்தன்மையைப் பொறுத்தது. காரணமானவர் நிறுவனம். நான்கு வரிக் கடிதத்தைக் காட்டியதும் வங்கி ஒரு 590-ஐத் திரும்ப வைத்தது. ஆண்டுக்கணக்கில் ஊதியக் கணக்கு வைத்திருந்து முதன்முறை திரும்பியவர்க்குக் கிளை மேலாளர் இவ்வளவு செய்வதுண்டு. கடன் நிறுவனம் மறுத்தது. எஞ்சிய 1,208 ரூபாயை, பற்றுச்சீட்டுகளைப் பார்த்து, அடுத்த மாத ஊதியத்தோடு அவன் நிறுவனம் கொடுத்தது. கொடுக்காமலிருந்தால் 1,208 ரூபாய்க்கு வழக்காடுவது அறிவுடைமை ஆகாது என்பதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும்.

கட்டணம் விதிப்பட்டியலில் இல்லாததாயிருந்தால் கதை வேறு. கடன் தவணைத் தாமதத்துக்கு வட்டி விகிதத்தோடு கூட்டி அபராத வட்டி போடுவதும், அபராதத்தை அசலில் சேர்த்து அதற்கும் வட்டி ஏற்றுவதும் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் ஆணையிட்டது. குறைந்தபட்ச இருப்பு இல்லாமைக்கான அபராதத்தால் சேமிப்புக் கணக்கு சுழியத்துக்குக் கீழே இறங்கவும் கூடாது. இவற்றுள் ஏதேனும் மீறப்பட்டிருந்தால் வங்கியில் எழுத்துமூலம் முறையிட்டு, 30 நாளில் தீர்வு இல்லையெனில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். அவனுக்கு அத்தேவை நேரவில்லை.

தவறு ஒருவரிடத்தில், இழப்பு இன்னொருவரிடத்தில் என்னும் இச்சிக்கலைப் பெரிய அளவில் உலகம் ஒருமுறை கண்டது. 2012 ஜூனில் பிரிட்டனின் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து குழுமத்தில் மென்பொருள் மாற்றம் ஒன்று பழுதுபட, நாட்வெஸ்ட், அல்ஸ்டர் வங்கிகளின் வாடிக்கையாளர் பல இலட்சம் பேருக்கு ஊதியம் கணக்கில் ஏறவில்லை, தவணைகள் தவறின. அவ்வங்கிகள் தம் வாடிக்கையாளருக்கு மட்டுமன்றி, அவற்றில் கணக்கே இல்லாமல் அப்பழுதால் இழப்புற்ற பிறருக்கும் ஈடு கொடுத்தன. 2014-இல் கட்டுப்பாட்டு அமைப்புகள் இரண்டும் சேர்ந்து விதித்த அபராதம் 5 கோடியே 60 இலட்சம் பவுண்டு. இலட்சம் பேருக்கு ஒரே நாளில் நேர்ந்தால் கட்டுப்பாட்டு அமைப்பு வரும். ஒருவனுக்கு நேர்ந்தால் அவனே கடிதத்தோடு நடக்கவேண்டும்.

நம் நாட்டு நிகழ்வுகள் இரண்டில் தேதியின் வல்லமை நன்கு தெரிகிறது. யெஸ் வங்கிக்கு 2020 மார்ச் 5 மாலை தடை விதிக்கப்பட்டு, 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்கலாகாது என்று ஆனபோது, ஊதியம் அப்போதுதான் ஏறியிருந்தது. தவணைகளும் வாடகைகளும் செல்லவேண்டிய வாரம் அது. தடை மார்ச் 18 வரை நீடித்தது. லட்சுமி விலாஸ் வங்கிக்கு விதித்த வரம்பு அதனினும் கடுமையானது, 25,000 ரூபாய்தான். ஆனால் அது நவம்பர் 17 மாலை தொடங்கி 27-ஆம் நாள் முடிந்துவிட்டது. மாதக் கடைசி ஊதியத்துக்கும் அடுத்த மாத முதல் வாரத் தவணைகளுக்கும் அது இடையூறாகவில்லை. நாள்களின் தற்செயல் சிலரைக் காத்தது.

கடன் வரலாற்றுப் பதிவில் கறை படியுமோ என்பதே என் தங்கையின் பெருங்கவலை. 2025 ஜனவரி முதல் கடன் நிறுவனங்கள் மாதத்தின் பதினைந்தாம் நாளும் கடைசி நாளும் உள்ள நிலையைக் கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்பவேண்டும் என்பது அப்போதைய விதி. தவணை தவறியது ஐந்தாம் தேதி, தீர்ந்ததும் அன்றிரவே. பதினைந்தாம் நாள் நிலுவை ஏதுமில்லை. ஆயினும் மார்ச் மாதம், ஆண்டுக்கு ஒருமுறை கட்டணமின்றித் தரவேண்டிய அறிக்கையைத் தருவித்துப் பார்த்தோம். தாமத நாள் என்ற இடத்தில் சுழியமே இருந்தது. அங்கே வேறு எண் இருந்திருந்தால் இரசீதை இணைத்துத் திருத்தம் கேட்டிருப்போம். 30 நாளுக்குள் திருத்தாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தரவேண்டும் என்பது 2024 முதல் நடைமுறை.

2025 அக்டோபர் 4 முதல் காசோலைகள் வங்கியில் கொடுத்த அன்றே தீர்வாகின்றன. முன்பு கிடைத்த ஒருநாள் அவகாசமும் இப்போது இல்லை. அவன் தொடர் வைப்பைப் பன்னிரண்டாம் தேதிக்கு மாற்றிக்கொண்டான். வாடகைக்குக் காசோலை கொடுப்பதை நிறுத்தி, ஊதியம் ஏறியதைப் பார்த்துத் தானே அனுப்புகிறான். அவன் நிறுவனத்தின் கணக்குப் பிரிவினர், எவருடைய வங்கி விவரம் மாறினாலும், ஊதியக் கோப்புக்கு முந்திய வாரத்தில் அக்கணக்குக்கு ஒரு ரூபாய் அனுப்பிப் பார்க்கின்றனர்.